மளிகைக் கடை அனுபவத்தைக் கம்பெனிக்காரர்கள் நம்பும்படி காட்டுவது எப்படி?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்க அப்பாவோட மளிகைக் கடையை ஆறு வருஷமா நான்தான் பாத்துக்கிறேன். பி.காம். முடிச்சிருக்கேன். நுகர்பொருள் கம்பெனிகள்ல சேல்ஸ் ஆபீசர் வேலைக்குப் போட்டா 'ஃப்ரெஷர்'னு ஒதுக்குறாங்க. சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எதுவும் இல்ல. கடை அனுபவத்தை எப்படிக் காட்டுறது?

பதில்:

ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் உங்களுக்கு பி.எஃப். கணக்கு இல்லாதது. ஆள் எடுக்கும் கம்பெனி, பழைய வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பை வெளி ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். ஏஜென்சிக்காரர் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணைப் போட்டு, எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பார்ப்பார். 20 பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் கடைக்கு பி.எஃப். கட்டாயமில்லை என்பதால் உங்கள் பெயரில் அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்றால் அவர்கள் படிவத்தில் அது 'அனுபவம் இல்லை'. ஆக, முன்பின் தெரியாத ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்தபடியே உங்கள் ஆறு வருடத்தைச் சரிபார்க்க வழி செய்து கொடுக்க வேண்டும்.

முதலில் பதவிப் பெயரைச் சரி செய்யுங்கள். 'உரிமையாளர்' என்று எழுதவே எழுதாதீர்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் Search Taxpayer பக்கத்தில் கடையின் எண்ணைப் போட்டால் சட்டப்பூர்வப் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, கடைசியாக எப்போது ரிட்டர்ன் போட்டார்கள் என்பது வரை யாரும் பார்க்கலாம். அங்கே அப்பா பெயர் இருக்கும், உங்கள் விண்ணப்பத்தில் நீங்கள் உரிமையாளர் என்று இருக்கும். அந்த ஒரு முரண் போதும். 'மேலாளர், கொள்முதல் மற்றும் கடன் வசூல் (குடும்பத் தொழில்)' என்று எழுதினால் உண்மையும் அதுதான், கேட்பவருக்கும் புரியும். இன்னொன்று, வாட் காலத்திலிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாறிய கடை எவ்வளவு பழையதானாலும் பதிவுத் தேதி 01/07/2017 என்றுதான் காட்டும். 'முப்பது வருடக் கடை' என்று எழுதினால் பழைய வாட் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ் மூன்றும் கடை இருக்கிறது என்பதைத்தான் நிரூபிக்கும். அந்தக் கடையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லாது. (உத்யம் எடுக்கவில்லை என்றால் அரசுத் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம், காசு கேட்கும் தளங்களுக்குள் போகாதீர்கள்.) ஆடிட்டரிடம் ஒரு சான்று வாங்கலாம். அதில் 18 இலக்க யூ.டி.ஐ.என். எண் இருக்க வேண்டும், udin.icai.org தளத்தில் அதை யாரும் சரிபார்க்கலாம். ஆனால் ஆடிட்டர் தாக்கலான ரிட்டர்ன்களைப் பார்த்துக் கடையின் விற்பனைத் தொகைக்குச் சான்று தருவார், அவ்வளவுதான். 'இவர்தான் கடையை நடத்தினார்' என்று எழுதித் தரச் சொன்னால் நல்ல ஆடிட்டர் மறுப்பார். மறுப்பதுதான் சரி.

உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடிய காகிதம் ஸ்டாக்கிஸ்ட் கொடுக்கும் கடிதம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ இருந்து உங்கள் கடைக்குச் சரக்கு போடும் இரண்டு ஸ்டாக்கிஸ்ட்களிடம் லெட்டர்பேடில் ஒரு பக்கம் கேளுங்கள். எந்த வருடம் முதல் இந்தக் கடைக்கு ஆர்டர் கொடுப்பதும் பணம் செட்டில் செய்வதும் நீங்கள், மாதச் சராசரிக் கொள்முதல் எவ்வளவு, செக் திரும்பியதுண்டா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, ஜி.எஸ்.டி. எண், கைபேசி எண். அவர்கள் போட்ட பில் எல்லாம் அப்பாவின் ஜி.எஸ்.டி. கொள்முதல் அறிக்கையான 2பி-யில் ஏற்கனவே ஏறியிருப்பதால் தொகை தானாகவே ஒத்துப்போகும். நீங்கள் போகப்போகும் கம்பெனியின் ஸ்டாக்கிஸ்டே எழுதிக் கொடுத்தால் மிக நல்லது. அந்தக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் அவரிடம் ஒரு போன் போட்டு விசாரித்துவிடுவார்.

வங்கியில் கடைக் கணக்கை இயக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் இருந்தால் அதன் நகலும் உதவும், அதில் தேதி இருக்கும். ஜி.எஸ்.டி. கணக்கில் உங்களை இப்போது கையெழுத்து அதிகாரம் உள்ளவராகச் சேர்க்கலாம். ஆனால் அது இன்றிலிருந்துதான் சாட்சி, பின்தேதி போட முடியாது. பின்தேதி போட்டுச் சம்பளச் சீட்டு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வங்கிக் கணக்கிலும் வருமான வரி ரிட்டர்னிலும் அந்தச் சம்பளம் இருக்காது. வேலையில் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தாலும் வெளியே அனுப்புவார்கள். 'தற்போதைய சம்பளம்' என்ற கட்டத்தில், அப்பா கடைக் கணக்கிலிருந்து மாதாமாதம் உங்கள் கணக்குக்கு அனுப்பிய தொகை இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் 'குடும்பத் தொழில், நிர்ணயச் சம்பளம் இல்லை' என்று எழுதுங்கள்.

இனி விவகாரமான இடம், விற்பனைத் தொகை. கடையில் நிஜமாக ஓடுவது ஒன்று, ரிட்டர்னில் இருப்பது ஒன்று என்பது நம் ஊர்ப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. விண்ணப்பத்தில் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி என்று எழுதி, கூடவே இணைத்த ரிட்டர்னில் ஒரு கோடி இருந்தால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் அல்லது அப்பா வரி ஏய்க்கிறார் என்று இரண்டில் ஒன்றாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தாக்கலான தொகையை மட்டும் எழுதுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. தொகையைக் கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னில் வரி உள்ள விற்பனை ஒரு கட்டத்திலும், மூட்டை பிரித்து விற்கும் அரிசி போன்ற வரியில்லாச் சரக்கு வேறு கட்டத்திலும் வரும். முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் மளிகைக் கடையின் விற்பனை பாதிதான் தெரியும். இரண்டையும் கூட்டுங்கள்.

விற்பனைத் தொகை அப்பாவின் கடையுடையது. உங்கள் கைவேலையைக் காட்டும் எண் வேறு, அது பெரும்பாலும் கடன் நோட்டில் கிடக்கிறது. சேல்ஸ் ஆபீசர் வேலையில் ஆர்டர் எடுப்பது பாதி, பணம் வருவது மீதி. கணக்கு எளிது:

```
நிலுவை நாள் = மொத்த நிலுவை ÷ மாதக் கடன் விற்பனை × 30
```

உதாரணத்துக்கு, மாதம் 3 லட்சம் கடனுக்குப் போகிறது, நோட்டில் நிலுவை 4.5 லட்சம் என்றால் 45 நாள். இப்போது நோட்டைப் பிரித்துப் பாருங்கள். பீடி சுற்றும் வீடுகளுக்குக் கூலி வாரம் ஒரு முறை வருகிறது. வயல் உள்ளவர்களுக்குக் கார் அறுப்பு, பிசான அறுப்பு முடிந்தால்தான் கையில் பணம். கோயில் கொடை வந்துவிட்டால் அந்த மாதம் இரண்டு வகையிலும் வசூல் படுக்கும். எல்லோரிடமும் மாதக் கடைசியில் கேட்டுக்கொண்டிருந்தால் வாரக்கூலி வீட்டில் பணம் வேறு செலவுக்குப் போயிருக்கும். பீடி வீடுகளைக் கூலி நாளுக்கு மறுநாள் வாரக் கணக்காக மாற்றி, வயல்காரர்களுக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்து அறுப்பு வரை விட்டால், அதே 3 லட்ச விற்பனையில் நிலுவை 3 லட்சமாக இறங்கலாம். அப்போது 30 நாள். இப்படி ஒன்றைச் செய்திருந்தால் விண்ணப்பத்தில் ஒரே வரி போதும்: 'கடன் வாடிக்கையாளர்களை வருமானம் வரும் நாளின்படி பிரித்து, நிலுவையை 45 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்தேன்; விற்பனை குறையவில்லை.' 'கடினமாக உழைத்தேன்' என்று பத்து வரி எழுதுவதை விட இதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அடுத்த கேள்வியை நேர்காணல் செய்பவரே கேட்பார், பதில் உங்களிடம் இருக்கும். நோட்டின் நாலு பக்கத்தை, பெயர்களை மறைத்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. அப்பா வருமான வரிக்கு ஐ.டி.ஆர்.-4 போடுகிறவர் என்றால் அதில் மார்ச் 31 அன்று வரவேண்டிய கடன், கையிருப்புச் சரக்கு இரண்டையும் காட்டியிருப்பார்கள். பல இடங்களில் அந்தத் தொகை குத்துமதிப்பாகப் போட்டதுதான். ரிட்டர்னை இணைக்கும் முன் அந்தக் கட்டங்களைப் பாருங்கள். நோட்டில் 4.5 லட்சம், ரிட்டர்னில் 40 ஆயிரம் என்றால் அந்த வருட எண்ணை விண்ணப்பத்தில் போடாதீர்கள்.

ஏஜென்சியிலிருந்து கடைக்குப் போன் வரும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் வியாபார நேரத்தில், "அவன் நம்ம பையன்லா, சும்மா கடையிலதான் இருக்கான், என்ன விசயம்?" என்று அண்ணாச்சி போனை வைத்துவிடுவார், எதிர்ப்பக்கம் 'உதவியாளர், முறையான பணி இல்லை' என்று எழுதிக்கொள்வார்கள். எந்த வருடத்திலிருந்து, என்ன பொறுப்பு என்ற இரண்டை மட்டும் அப்பா சொன்னால் போதும். குறிப்புக்குக் கொடுக்கும் பெயர்களில் சொந்தக்காரர்களை மட்டும் போடாதீர்கள், அந்த இரண்டு ஸ்டாக்கிஸ்ட்களும் இருக்கட்டும்.

நேர்காணலில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் புத்தகத்தில் படித்த விற்பனையை நீங்கள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர். ஆர்டர் எடுக்க வந்த சேல்ஸ்மேன் மாதக் கடைசியில் சரக்கைத் திணித்தபோது என்ன ஆனது, எக்ஸ்பயரி மாற்றித் தராததால் எந்தப் பொருளை நிறுத்தினீர்கள், ஸ்கீம் கடைக்காரருக்கு வந்து சேராமல் எங்கே நின்றது என்று கேட்டால் கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "கடையை விட்டு ஏன் வர்றீங்க, தீபாவளிக்குத் திரும்பிப் போயிடுவீங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இதற்குத் தத்துவம் வேண்டாம். இப்போது கடையை யார் பார்க்கிறார்கள், கொள்முதலை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் நம்புவார்கள்.

தேர்வானதும் வேலையில் சேரும்போது ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள்: வேறு தொழில் உண்டா, குடும்பத்தார் யாரேனும் கம்பெனியோடு வியாபாரத் தொடர்பு வைத்திருக்கிறார்களா என்று. 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, பிறகு அம்பாசமுத்திரம் லைனே உங்களுக்குக் கிடைத்து, அப்பா கடைக்கு நீங்களே ஸ்கீம் போடும்படி ஆனால், ஆறு வருட அனுபவமும் அங்கேயே போய்விடும். கடையையும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணையும் அந்தப் படிவத்தில் எழுதிக் கொடுத்து, நாகர்கோவிலோ தூத்துக்குடியோ வேறு ஏரியா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.