குக்கர் மாறி வந்துவிட்டது, பேரன் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஆன்லைனில் முதல் தடவையாக நானே ஐந்து லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஆர்டர் போட்டேன். வந்தது மூன்று லிட்டர் அலுமினியம். பெட்டியைப் பிரித்துவிட்டேன், பணமும் கையில் கொடுத்தாயிற்று. பேரன் அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்கிறான். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள், அம்மா. பொருளைத் திருப்பித் தரும் கெடு, அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பல பொருட்களுக்கு ஒரு வாரம், பத்து நாள்தான். உங்கள் ஆர்டருக்கு எந்தத் தேதி வரை என்பது செயலியில் அந்த ஆர்டரைத் திறந்தாலே தெரியும். பேரன் நேரில் வர வேண்டியதில்லை, போனிலேயே முடித்துவிடலாம்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சிக்கு இதேதான் நடந்தது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் கேட்டார், ஒன்றேகால் லிட்டர் வந்தது. அவருக்கும் அதுதான் முதல் ஆர்டர். ஓசூரில் வேலை பார்க்கும் பேரன் வீடியோ காலில் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஆச்சி, கல்லைக் கழுவிராதீங்க, மாவு எதுவும் ஆட்டிராதீங்க." அப்புறம், கிழித்துப் போட்ட கூரியர் கவரைத் தேடி எடுக்கச் சொன்னான்.

அந்தக் கவர்தான் வழக்கையே தீர்த்தது. அதில் ஒட்டியிருந்த பில்லில் ஆர்டர் எண்ணும் "2 லிட்டர்" என்பதும் இருந்தன. உள்பெட்டியில் "1.25 லிட்டர்" என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுக்க வைத்தான். கிரைண்டரின் அடியில் இருந்த தகட்டையும் ஒரு படம். தனித்தனியாக அனுப்பினால், பெட்டி வேறு ஆர்டருடையது என்று விற்பவர் சொல்ல இடம் இருக்கிறது.

அடுத்து, செயலி காரணம் கேட்டது. ஆச்சி "இனி தேவையில்லை" என்பதைத் தொடப் போனார். "அதைத் தொட்டா, நீங்க மனசு மாறினதா ஆயிரும். தவறான பொருள் வந்ததுன்னு இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க" என்றான். பலர் சறுக்குவது இங்கேதான். மனம் மாறித் திருப்புவது கடையின் விருப்பத்தைப் பொறுத்தது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் அப்படி இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது, வாங்கிய பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது.

ஆனாலும் மறுத்தார்கள். சீல் பிரித்திருக்கிறது என்று பதில் வந்தது. பிரிக்காமல் உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பேரன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. செயலியிலேயே போட்டிருந்த குறைதீர் அதிகாரிக்குப் படங்களோடு நான்கே வரியில் எழுதினான். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. அந்த மாதம் முடிவதற்குள் ஆள் வந்து கிரைண்டரை எடுத்துப் போனார், பணமும் வந்தது.

இடையில் ஒன்று நடந்தது, அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் கூகுளில் ஒரு கஸ்டமர் கேர் எண் தேடிக் கொடுத்தார். எடுத்தவன், பணம் அனுப்ப ஒரு செயலியை இறக்கி யுபிஐ பின் போடச் சொன்னான். ஆச்சி உடனே பேரனைக் கூப்பிட்டதால் தப்பினார். பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கையில் பணம் கொடுத்த ஆர்டருக்கு வங்கி விவரம் கேட்பார்கள்தான், அதை ஆர்டர் பக்கத்திலேயே பதியுங்கள், போனில் கேட்பவரிடம் சொல்லாதீர்கள். பொருளை எடுக்க வருபவர் ஓடிபி கேட்டால், அவர் பொருளைக் கையில் வாங்கிய பிறகே கொடுங்கள்.

மாற்றுப் பொருள் வேண்டாம், பணத்தையே கேளுங்கள் என்பது என் யோசனை. விற்பவர் பட்டியலில் போட்ட பதிவே தவறாக இருந்தால் மறுபடியும் அதே மூன்று லிட்டர்தான் வரும்.

அவர்கள் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. குக்கர் விலைக்கு அதுவரை போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். இன்றைக்கே கவரைத் தேடி எடுத்து, பேரனை வீடியோ காலில் கூப்பிடுங்கள்.