சிறப்புக் கல்வி படிக்கும் முன் தன்னார்வலராகப் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: ஐடி வேலையை விட்டுவிட்டு சிறப்புக் கல்வி பி.எட். சேர ஆசை. இரண்டு வருடம் போய்விடும். முதலில் தன்னார்வலராகப் போனால் எனக்கு ஒத்துவருமா என்று தெரியுமா?

பதில்: தெரியும், சரியான நாளில் போனால். நான் முதலில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கும் ஓவியப் போட்டிக்கும்தான் போனேன். எல்லாரும் சிரித்த முகம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம் விடுப்பு எடுத்து, எட்டு வாரம் செவ்வாய்தோறும் காலையில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தேன். ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியை பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிடுவார், அவன் மீதியை இழுக்க வேண்டும். கடைசிப் படி கைவந்தால்தான் அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு முயற்சியும் உதவியோடா, தானாகவா என்று பதிவேட்டில் ஏறும். ஆறாவது வாரமும் அதே பொத்தான்தான். அன்று எனக்குச் சலிப்பு வந்ததா, அடுத்த முயற்சியைப் பார்க்கும் ஆர்வம் வந்ததா என்பதே எனக்கான விடை.

பதிவேடு எழுதும் வேலையையும் கேட்டு வாங்குங்கள், பலர் மலைப்பது அதில்தான். பெற்றோர் சந்திப்பில் உட்கார விடமாட்டார்கள், அந்தப் பாரம் தன்னார்வலருக்குத் தெரியாது. மதிய உணவின்போது ஆசிரியர்களிடம் அதையும் சம்பளத்தையும் கேட்டுவிடுங்கள். கல்லூரியில் சேர்வதாக இருந்தால், அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.