இரண்டும் மூன்றும் ஐந்தா? பின்னத்துக்குப் படம் போடும் முறை

கேள்வி: ஐந்தாவது படிக்கும் என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறாள். படம் வரைந்து காட்டியும் மாறவில்லை. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் என்ன படம் போடுவது?

பதில்: தவறு அந்தப் படத்திலேயே இருக்கலாம். 1/2-க்கு ஒரு பட்டை, 1/3-க்கு இன்னொரு பட்டை என்று போட்டிருந்தால் அவள் கண்ணுக்கு மொத்தம் ஐந்து துண்டுகள், நிறம் தீட்டியவை இரண்டு. 2/5 தானே! முழுமை ஒன்றுதான் என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது.

அதனால் கூட்டலுக்கு எண்கோடு. கட்டம் போட்ட நோட்டில் 0 முதல் 1 வரை 12 கட்ட நீளத்துக்குக் கோடு போடுங்கள். 12 ஏனென்றால் அது 2-ஆலும் 3-ஆலும் மீதியில்லாமல் வகுபடும் (6 கட்டமும் போதும், ஆனால் கோடு குட்டையாகிவிடும்). பாதி என்பது 6 கட்டம், மூன்றில் ஒன்று 4 கட்டம். 0-விலிருந்து 6 தாவி, நின்ற இடத்திலிருந்தே இன்னும் 4 தாவச் சொல்லுங்கள். வந்து நிற்பது 10-இல். அதாவது 10/12, இரண்டிரண்டு கட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் 5/6. அப்புறம் 2/5 எங்கே வரும் என்று கேளுங்கள். ஐந்து கட்டம்கூட முழுதாகப் போகாது, பாதிக்கும் முன்னாலேயே நின்றுவிடும். பாதியோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் பாதியைவிடக் குறையுமா?

பிள்ளைகள் இடைவெளியை விட்டுவிட்டுக் கோட்டின் மேலுள்ள குறிகளை எண்ணுவார்கள். 0-வையும் 'ஒன்று' என்று எண்ணினால் விடை ஒரு கட்டம் பிசகும். விரலைக் குறியில் வைக்காமல் இடைவெளியின் மேல் இழுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

பெருக்கலுக்கு எண்கோட்டைவிடப் பரப்புப் படம்தான் தெளிவு. 2/3 × 3/4 என்றால் 3/4-இல் மூன்றில் இரண்டு பங்கு. 12-க்கு 12 கட்டத்தில் ஒரு சதுரம் போடுங்கள், அதுதான் 1. மேலிருந்து கீழாக நான்கு பத்திகளாகப் பிரித்து மூன்றில் சாய்கோடு போடட்டும். பிறகு குறுக்கே மூன்று வரிசைகளாகப் பிரித்து, இரண்டு வரிசையில் எதிர்ப்பக்கச் சாய்கோடு. இரண்டு கோடும் விழுந்த துண்டுகள் ஆறு, மொத்தம் பன்னிரண்டு. 6/12, அதாவது பாதி.

இங்கே வரும் தப்பு விடையைப் பார்த்தாலே காரணம் தெரியும். 6/9 என்று எழுதினால், குறுக்குக்கோட்டைச் சதுரம் முழுக்க இழுக்காமல் சாய்கோடு போட்ட பகுதியில் மட்டும் இழுத்திருக்கிறாள். 11/12 என்றால், ஏதாவது ஒரு கோடு விழுந்த துண்டையெல்லாம் எண்ணியிருக்கிறாள். இரண்டும் விழுந்த செவ்வகத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

3/8 + 2/7 மாதிரி வந்தால் 56 கட்டம் வேண்டும். அதை வரைய வைக்காதீர்கள். அந்த நிலையில் மீச்சிறு பொது மடங்குக்குப் போய்விடலாம்.