இறங்கும் அரை மணி நேரம்: குழந்தையின் காதுக்கு அப்போது என்ன தேவை?

கேள்வி: 9 மாதக் குழந்தையையும் 4 வயது மகளையும் கூட்டிக்கொண்டு 10 மணி நேர விமானப் பயணம் போகிறோம். சின்னவனுக்கு லேசாகச் சளி இருக்கிறது. இறங்கும்போது காது வலிக்காமல் இருக்க என்ன செய்வது? தூங்க வைக்க மருந்து கொடுத்துவிடலாமா?

தூக்க மருந்து வேண்டாம். இறங்கும் நேரத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருப்பதுதான் காதுக்குச் சிரமம். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்ற சின்ன அறை இருக்கிறது. அதற்குள் காற்று போய்வர ஒரே வழி, மூக்கின் பின்பக்கத்தில் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். இந்தக் குழாய் எப்போதும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அழும்போதும் தசை இழுத்து ஒரு கணம் திறக்கும். உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து, குழாயைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். அதனால் ஏற்றத்தில் பெரும்பாலும் தொல்லை இல்லை. இறங்கும்போது நடப்பது நேர்மாறு. வெளி அழுத்தம் கூடக்கூடச் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். காற்று உள்ளே போக வேண்டுமானால் குழாயைத் தசைதான் திறக்க வேண்டும். விட்டுவிட்டால் அழுத்த வித்தியாசம் கூடி, குழாயின் வாயையே நசுக்கி ஒட்டிவிடும். அதற்குப் பிறகு விழுங்கினாலும் திறப்பது கடினம். வலி வந்த பிறகு பால் கொடுப்பது பலன் தராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

குழந்தைகளின் குழாய் குட்டையாக, ஒடுங்கி, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி வீக்கம் அதை மேலும் அடைக்கும். தூக்கத்தில் விழுங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து கொடுத்தால் இந்த மூன்றும் சேர்ந்துகொள்ளும். சில குழந்தைகளுக்கு அந்த மருந்தே தூக்கத்துக்குப் பதிலாகப் பெரும் படபடப்பைக் கொடுப்பதும் உண்டு.

இனி நேரக் கணக்கு. தரையிறங்கும் நேரம் காலை 5:30 என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஏறத்தாழ 5 மணிக்கே இறங்கத் தொடங்கிவிடும். சீட் பெல்ட் விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பாதி நேரம் போயிருக்கும். இருக்கைத் திரையில் வரைபடம் இருந்தால் உயரம் குறையத் தொடங்குவதைப் பாருங்கள். இல்லையென்றால், இறக்கம் எப்போது தொடங்கும் என்று பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சின்னவனுக்கு இரண்டு இரண்டரை மணியளவில் வழக்கமான பாலைக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்துங்கள். 4 மணிக்கு அழுகிறான் என்று முழுப் பாட்டிலையும் கொடுத்துவிட்டால், தேவையான நேரத்தில் வாயைத் திறக்கமாட்டான். 4:45க்கு எழுப்பி, டயப்பர் மாற்றி, மூக்கின் ஒவ்வொரு துளையிலும் சலைன் சொட்டு இரண்டு விட்டு, சளியைத் துடைத்தெடுங்கள். பாலையும் அப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் முற்றியதும் பணியாளர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், வெந்நீர் கேட்டாலும் கிடைக்காது.

பலரும் தவறவிடுவது இங்கேதான். 180 மில்லி பாலை ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் குடித்துவிடும். இறக்கமோ அரை மணி நேரம். ஆகவே மூன்று பங்காகப் பிரியுங்கள். 5 மணிக்கு 60 மில்லி, 5:10க்கு 60, 5:20க்கு 60. மெதுவாக வரும் காம்பு இருந்தால் அதையே போடுங்கள். இடைவெளியில் சூப்பான் கொடுங்கள். தாய்ப்பால் என்றால் ஒரு பக்கம் சில நிமிடம், சற்று இடைவெளி விட்டு மறுபக்கம். தலை நன்றாக உயர்ந்திருக்கட்டும். மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தால் பால் குழாய்ப் பக்கம் ஏறலாம், புரையும் ஏறலாம். மடியில் கட்டும் குழந்தை பெல்ட்டைக் கழற்றாமலே இதையெல்லாம் செய்ய முடியும். நடுவில் அழுதால் பதறாதீர்கள், அழுகையும் அந்தக் குழாயைத் திறக்கிறது.

சளி இருப்பதால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சரி என்றால், இறக்கத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்பு, அதாவது 4:15 முதல் 4:30க்குள் கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் 5 மில்லி. 5 மில்லியில் 250 என்றால் 2.4 மில்லி, ஒரு மில்லியில் 100 இருக்கும் சொட்டு மருந்து என்றால் 1.2 மில்லி மட்டுமே. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்தெடுங்கள். மூக்கடைப்பு நீக்கும் மருந்துகளை இந்த வயதில் தொடவே வேண்டாம்.

மகளுக்கு வேலை எளிது. அவளையும் 4:45க்கு எழுப்பிவிடுங்கள். ஸ்ட்ரா வைத்த தண்ணீரை நிமிடத்துக்கு ஒரு மிடறாக, அரை மணி நேரமும் குடிக்கச் சொல்லுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்து காட்டினால் அவளும் செய்வாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்குவதையும் வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கலாம். மூக்கைப் பிடித்துப் பலமாக ஊத மட்டும் சொல்லாதீர்கள். சளி இருக்கும்போது அது சளியைக் காதுக்குள் தள்ளும். கெட்டி மிட்டாயும் கடலையும் வேண்டாம். விமானம் குலுங்கும்போது அவை தொண்டையில் சிக்கும் ஆபத்து, காது வலியைவிடப் பெரியது.

வெந்நீரில் நனைத்த துணியைக் கோப்பையில் போட்டுக் காதில் கவிழ்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள், கொதிநீர் சொட்டிக் குழந்தையின் தோல் வெந்துபோகும். காதில் எண்ணெய் விடுவதும் வீண். அது செவிப்பறைக்கு வெளியே நின்றுவிடும். அடைப்பு இருப்பதோ உள்ளே.

காதில் கடும் வலியும் காய்ச்சலும் இருந்து, நடுக்காதுத் தொற்று என்று மருத்துவர் சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். செவிப்பறையில் க்ரோமெட் என்ற சின்னக் குழாய் பொருத்தியிருக்கும் குழந்தைக்கு மாறாக வலி வருவதில்லை; அதன் வழியாகவே அழுத்தம் சமமாகிவிடும்.

தரையிறங்கிய பின்னும் காது அடைத்தபடி இருந்தால் சில மணி நேரத்தில் பெரும்பாலும் திறந்துவிடும். அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகி, காதிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும், ஆனாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை காதுக்குள் சொட்டு மருந்தும் பஞ்சும் வைக்காமல், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளும் வலி குறையவில்லை, காய்ச்சல் வருகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலும் காட்டியாக வேண்டும்.