கூட்ட அறிவிப்பை அனுப்புமுன் கடைசியாகப் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் கூட்ட அறிவிப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என் பொறுப்பு. படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அப்படியும் கிழமை ஒன்று, தேதி ஒன்று என்று போய்விடுகிறது. ஒருமுறை இடமே தப்பாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில்:

மெசேஜை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது. எழுதியவருக்கு, தான் எழுத நினைத்ததுதான் திரையிலும் தெரியும். பக்கத்தில் இரண்டு விஷயங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, போனில் இருக்கும் காலண்டர். இன்னொன்று, முடிவு எடுக்கப்பட்டதற்கான ஆதாரம்: மண்டபம் புக் செய்த ரசீது, அல்லது செயலாளர் தேதியை உறுதி செய்து அனுப்பிய மெசேஜ். இந்த இரண்டோடும் ஒப்பிடுவதுதான் சரிபார்ப்பு.

கிழமையிலிருந்து தொடங்கலாம். இந்தப் பிழை பெரும்பாலும் போன மாத மெசேஜை நகலெடுத்து மாற்றும்போது வருகிறது. 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 15 ஞாயிறு. அந்த மெசேஜை எடுத்து மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி "மார்ச் 15, ஞாயிறு" என்று போட்டாலும் சரியாகவே இருக்கும். லீப் வருடமல்லாத பிப்ரவரிக்கு 28 நாள், அதாவது சரியாக நான்கு வாரம். அதனால் மார்ச்சில் கிழமைகள் அப்படியே திரும்பி வரும். அதே பழக்கத்தில் அடுத்த மாதம் "ஏப்ரல் 15, ஞாயிறு" என்று போகும்போதுதான் சிக்கல். மார்ச்சுக்கு 31 நாள், கிழமை மூன்று தள்ளிவிடும். ஏப்ரல் 15 புதன்கிழமை.

இப்படி முரண்பாடு தெரிந்ததும் பலரும் காலண்டரைப் பார்த்து "ஞாயிறு" என்பதை "புதன்" என்று திருத்திவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏதோ ஒன்று தப்பு என்று மட்டும்தான் காலண்டர் சொல்லும். எது தப்பு என்று சொல்லாது. கமிட்டியில் "ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்" என்று பேசியிருந்தால் கிழமைதான் சரி, தேதி பழைய மெசேஜிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ரசீதைப் பார்த்தால் 12 என்று இருக்கும். ஏப்ரல் 12 ஞாயிறு, கணக்கு பொருந்திவிட்டது. ரசீது கையில் இல்லையென்றால் செயலாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கிழமையும் தேதியும் பொருந்தினாலே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. 12-க்குப் பதில் 19 என்று போட்டாலும் அது ஞாயிறுதான். சரியாக ஒரு வாரம் பிசகினால் காலண்டர் காட்டிக்கொடுக்காது, ரசீதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இரண்டையும் திறந்து வைக்கச் சொன்னேன்.

போனை எடுக்காமல் கிழமை பார்க்க ஒரு வழி உண்டு. எந்த வருடமானாலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஆகிய ஐந்து தேதிகளும் ஒரே கிழமையில் வரும். 2026-ல் அது சனி. ஏப்ரல் 4 சனி என்றால் 11-ம் தேதியும் சனி, 12 ஞாயிறு. கமிட்டிக் கூட்டத்தில் யாராவது தேதி சொல்லும்போதே பிழையைப் பிடிக்க இது உதவும்.

தேதியை 12/04 என்று எண்ணாக மட்டும் போடாமல் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். அமெரிக்காவில் இருக்கும் வீட்டு உரிமையாளர் அதை டிசம்பர் 4 என்று படிக்க வாய்ப்பு இருக்கிறது. "நாளை", "வரும் ஞாயிறு", "அடுத்த ஞாயிறு" மூன்றும் வேண்டாம். மெசேஜை மறுநாள் திறப்பவருக்கு "நாளை" ஒரு நாள் தள்ளிப்போகும். "அடுத்த ஞாயிறு" என்றால் சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அதற்கடுத்த வாரம்.

நேரத்தில் காலையா மாலையா என்று கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, லிப்ட் நிறுத்துவது போன்ற அறிவிப்புகளில் "சனிக்கிழமை இரவு 12 மணி" என்று எழுதுவது பெரிய குழப்பம். நம் பேச்சு வழக்கில் விடியும்வரை அது சனி இரவுதான். கடிகாரப்படி ஞாயிறு பிறந்துவிட்டது. "விடிந்தால் ஞாயிறு" என்று சேர்த்து எழுதும் பழைய வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். "ஏப்ரல் 11, சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 12 மணி" என்று எழுதலாம். முடிந்தால் இரவு 11.45 என்றே வைத்துவிடுங்கள். யாருக்கும் சந்தேகமே வராது.

இடத்தில்தான் நகலெடுத்த மெசேஜ் அதிகம் ஏமாற்றும். பெயரை மாற்றியிருப்பீர்கள், கீழே இருக்கும் மேப் லிங்க் போன மாதத்து மண்டபத்தையே காட்டும். மேலே என்ன எழுதியிருந்தாலும் வண்டியில் வருகிறவர் லிங்க்கைத்தான் அழுத்துவார். ஆகவே அனுப்புமுன் லிங்க்கை நீங்களே அழுத்தித் திறந்து, திரையில் வரும் பெயரையும் தெருவையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். மேப்பில் இடத்தைக் காட்டும் குறி எங்கே குத்தியிருக்கிறது என்றும் பாருங்கள். மண்டபத்தின் பின்பக்கத் தெருவில் குத்தியிருந்தால் மேப் ஆட்களைப் பூட்டிய கேட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தும். "சமுதாயக்கூடம்" என்று மட்டும் எழுதினால் ஒரே பகுதியில் இரண்டு இருக்கக்கூடும். தெருப் பெயர், எந்த மாடி, பக்கத்தில் என்ன அடையாளம் என்பதையும் சேருங்கள். ரசீதில் மண்டபம் மாலை 4 முதல் 7 வரை என்று இருந்தால், உங்கள் கூட்டம் அதற்குள் முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எல்லாம் சரியான பிறகு மெசேஜ் இப்படி இருக்கும்:

"பொதுக்குழுக் கூட்டம். 2026 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.30 முதல் 6.30 வரை. இடம்: சமுதாயக்கூடம், முதல் மாடி, வள்ளுவர் தெரு (தண்ணீர்த் தொட்டி எதிரில்). வழக்கமான கிளப் ஹவுஸில் அல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இடம் மாறும்போது புதிய இடத்தைச் சொன்னால் மட்டும் போதாது. பழகிய கால்கள் பழைய இடத்துக்கே போகும். போஸ்டர் படமும் சேர்த்து அனுப்புகிறீர்கள் என்றால் அதிலுள்ள தேதி, இடத்தையும் தனியாகப் பாருங்கள். மெசேஜில் 12 என்று திருத்திவிட்டுப் படத்தில் 15-ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை போய்விட்டால், வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம். ஆனால் எடிட் செய்ததற்கு யாருக்கும் புதிதாக நோட்டிஃபிகேஷன் போகாது. ஏற்கெனவே படித்தவர் பழைய தேதியையே நினைவில் வைத்திருப்பார். வேறு குரூப்புக்கு ஃபார்வர்ட் ஆன பிரதியும் மாறாது. எனவே தேதி, நேரம், இடம் மூன்றில் எது தப்பாக இருந்தாலும் பழையதை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிட்டு, "திருத்தம்: கூட்டம் 15 அல்ல, ஏப்ரல் 12, ஞாயிறு" என்று முதல் வரியிலேயே சொல்லி, முழு அறிவிப்பையும் மறுபடி போடுங்கள். "தேதி 12 என்று படிக்கவும்" என்ற ஒற்றை வரித் திருத்தம், மேலே இருக்கும் மெசேஜைப் பார்க்காதவருக்கு ஒன்றுமே சொல்லாது.