ஒன்பது மணிக்குப் படுப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: வயது 54. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. ராத்திரி 9 மணிக்கே படுத்தாலும் 12 வரை புரள்கிறேன். 3 மணிக்கு முழிப்பு வந்தால் நாலரை வரை கொட்டக் கொட்ட முழித்திருப்பேன். எழுவது ஆறரைக்கு. ஒரு வருஷமாகத் தினமும் தூக்க மாத்திரை. அதை விட வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் காபியைக் குறை, செல்போனைத் தள்ளி வை என்கிற அறிவுரை மட்டும் எட்டு வருஷத் தூக்கமின்மைக்குப் போதாது. அதெல்லாம் துணைக்குத்தான். உங்களுக்கு வேண்டியது படுக்கும் நேரத்தைச் சுருக்கும் சிகிச்சை.

உங்கள் கணக்கையே பார்ப்போம். 9 முதல் ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில். விழித்திருந்தது நாலரை மணி நேரம். தூங்கியது 5 மணி நேரம்தான். படுக்கையில் இருக்கும் நேரத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட நீங்கள் முழித்தே கிடக்கிறீர்கள். படுக்கை என்றாலே புரளும் இடம் என்று உடம்பு பழகிவிட்டது. சீக்கிரம் படுத்தால் கொஞ்சமாவது தூங்கலாம் என்ற எண்ணம்தான் இதை வளர்க்கிறது.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். தினமும் காலையில், எப்போது படுத்தீர்கள், சுமாராக எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரியில் கடிகாரத்தைப் பார்த்து எழுதக் கூடாது. சராசரி 5 மணி நேரம் வந்தால், அரை மணி கூட்டி ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கை. அதாவது 12 மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுவது. ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைதான், ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் சரி. பகலில் குட்டித் தூக்கம் கிடையாது. சுருக்குவதை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது.

12 மணியானாலும் கண் சொக்கினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். பட்டறை வேலையின் அசதி வேறு, தூக்கம் வேறு. அசதியில் உடம்பு கெஞ்சும், மனசு ஓடிக்கொண்டே இருக்கும். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுங்கள். மங்கலான விளக்கில் துணி மடிப்பது, பழைய பத்திரிகை புரட்டுவது போல ஏதாவது செய்யுங்கள். கணக்கு நோட்டும் செல்போனும் வேண்டாம். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். ஒரே ராத்திரியில் நாலு தடவை எழ வேண்டி வந்தாலும் எழுங்கள். மூன்று மணி முழிப்புக்கும் இதே விதிதான்.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பகலில் தள்ளாடும். அதனால் பற்றவைக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த நாட்களில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

வாரக் கடைசியில் நோட்டைப் பாருங்கள். படுக்கையில் இருந்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்காவது தூங்கியிருந்தால், அதாவது ஐந்தரையில் சுமார் 4 மணி 40 நிமிடம், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் நகர்த்தி 11.45 ஆக்குங்கள். எழுவது அதே ஐந்தரை. இல்லையென்றால் அதே நேரத்தில் இன்னொரு வாரம் இருங்கள். ஆறு, எட்டு வாரத்தில் உங்கள் உடம்புக்கு எவ்வளவு தூக்கம் தேவை என்பது தெரிந்துவிடும். அது எட்டு மணி நேரமாக இல்லாமல் ஆறரையாக இருக்கலாம். பகலில் தெளிவாக இருந்தால் அதுவே போதும்.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை: குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதன் சத்தில் பாதி ரத்தத்தில் இருக்கும். சாயங்கால டம்ளரை விடுங்கள், காலையில் குடிக்கலாம்.

சரி, மாத்திரை. அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும். படபடப்பு, கை நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். நிறுத்திய முதல் ஓரிரு ராத்திரியைப் பார்த்துத்தான் பலர், மாத்திரை இல்லாமல் முடியாது என்று முடிவு கட்டுகிறார்கள். அது மாத்திரையைத் திடீரென்று விட்டதன் எதிர்விளைவு, போகப்போகத் தணியும். முதலில் பழைய அளவிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே சொன்ன நேரக் கணக்கைப் பிடியுங்கள். நாலைந்து வாரம் தூக்கம் நிலைத்த பிறகு, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், சிறிது சிறிதாகக் குறைக்கும் அட்டவணை கேளுங்கள். குறைப்பு பல வாரம் எடுக்கலாம்.

ஆரம்பிக்கும் முன் வீட்டம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா? ஆம் என்றால் இது வேறு நோயாக இருக்கலாம், முதலில் அதற்கான பரிசோதனை வேண்டும். வலிப்பு நோயோ, மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் நோயோ இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் படுக்கை நேரத்தைச் சுருக்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் அந்த நோய்கள் கிளம்பிவிடும்.