தனியாக வகுப்பெடுக்கத் தயாரா?

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பி.எட். மாணவிக்கு வழிகாட்டி ஆசிரியராகப் போட்டார்கள். 16 வாரம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். கல்லூரி கொடுத்த படிவத்தில் நிறைகள், குறைகள், தனியாக வகுப்பெடுக்கத் தயாரா என்று மூன்று இடம் விட்டிருக்கிறார்கள். நல்ல பொண்ணு, உழைப்பாளி. குறையை எழுதினால் மார்க் போய்விடுமோ என்று கை வரவில்லை. எழுதாமல் விடவும் மனசு கேட்கவில்லை. எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு இன்னும் சில பீரியடுகள் இருக்கும். எழுத உட்காரும் முன் அவற்றில் ஒன்றைத் தனியாக நடத்தவிடுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் பக்கத்து அறையில் இருந்தால் போதும். நாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பிள்ளைகள் அடங்கியிருப்பது பாதி நமக்காகத்தான். அதைப் பார்த்துவிட்டு ‘வகுப்பு இவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று எழுதினால் அது அவளைப் பற்றிய செய்தி ஆகாது. மணி அடித்ததும் உள்ளே போய், வரிசைக்கு இரண்டு மூன்றாகப் பத்து நோட்டு எடுத்து வாருங்கள். படிவத்தின் மூன்றாவது இடத்துக்கு வேண்டிய பதில் பெரும்பாலும் அந்த நோட்டுகளில் இருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது புதுச்சேரியில் ஒரு பள்ளியில். அங்கே என்னிடம் வந்த பயிற்சி ஆசிரியை எட்டாம் வகுப்புக்குச் சமன்பாடு நடத்தினாள். 2x + 5 = 17 என்று பலகையில் எழுதி, “5 அந்தப் பக்கம் போனா குறி மாறும்” என்றாள். 2x = 12 வந்தது, பிறகு x = 6. தெளிவான எழுத்து, நிதானமான பேச்சு. “புரிஞ்சுதா?” என்றதும் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது மிஸ்” என்றது. நானும் பின்னாலிருந்து என் உற்றுநோக்கல் குறிப்பேட்டில் ‘மிக நன்று’ என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அவளைத் தனியாக விட்டேன். முடிந்ததும் பத்து நோட்டு எடுத்தேன். பலகையில் இருந்த கணக்குகள் பத்திலும் சரியாக இருந்தன, அவை பார்த்து எழுதியவை. அவர்களாகப் போட வேண்டிய 4x = 20 என்ற கணக்குக்கு நான்கு நோட்டில் x = 20 − 4 = 16 என்று இருந்தது. பிள்ளைகள் கவனிக்காமல் செய்த தவறில்லை இது. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று கேட்டதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். 4x என்பதில் 4 பெருக்கி நிற்கிறது, அதனால் இரு பக்கத்தையும் 4ஆல் வகுக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 16ஐ x இருந்த இடத்தில் போட்டால் 64 வருகிறதே என்று ஒருவரும் சரிபார்க்கவும் இல்லை.

அவளுக்குக் கணக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கூட்டமாக வரும் பதிலைப் புரிதல் என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விட்டாள், குறை அங்கேதான் இருந்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘பாட அறிவு போதாது’ என்று எழுதியிருந்தால் அவளுக்குப் பெரிய அநியாயம் செய்திருப்பேன். ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதியிருந்தால் எதில் முயற்சி செய்வது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நோட்டுகளை அவள் முன்னால் வைத்தேன். இனி “புரிஞ்சுதா?” என்று கேட்க வேண்டாம், ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து எல்லோரையும் எழுதவிடு, அந்த நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வா என்றேன். இரண்டு வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது. ஆனால் நடந்து பார்த்த தவற்றை வைத்து அந்த இடத்திலேயே பாடத்தைத் திருப்பத் தெரியவில்லை. பாடக்குறிப்பில் அடுத்து என்ன இருக்கிறதோ அதற்கே போவாள். அப்புறம் அறிக்கையில் இப்படி எழுதினேன்:

‘வகுப்பு சேர்ந்து சொல்லும் பதிலை வைத்தே அடுத்த படிக்குச் சென்றார். எட்டாம் வகுப்பில் பார்த்த 10 நோட்டில் 4இல் 4x = 20 என்பதற்கு x = 16 என்றிருந்தது அவர் கண்ணில் படவில்லை. எடுத்துச் சொன்ன பிறகு ஒவ்வொரு பீரியடிலும் ஒரு கணக்கைத் தனியே எழுதவைத்து வரிசையில் நடந்து பார்க்கிறார். கண்ட தவற்றுக்கேற்ப அப்போதே பாடத்தை மாற்றுவது இன்னும் கைவரவில்லை.’

பார்த்தது என்ன, சொன்ன பின் மாறியது என்ன, மிச்சம் என்ன. குறையை இந்த வரிசையில் எழுதினால் படிப்பவருக்கு அவள் கற்றுக்கொள்கிறவள் என்பதும் சேர்ந்தே தெரியும். மார்க்கைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் என்னிடம் உள்ள பதில் இதுதான்.

நிறைகளுக்கும் இதே அளவுகோல்தான். ‘நல்ல குரல்வளம், கரும்பலகைப் பணி சிறப்பு’ என்பது எல்லோருடைய அறிக்கையிலும் இருக்கிறது. பெயரை மாற்றினால் இன்னொருத்திக்கும் பொருந்தும் வரியை எடுத்துவிடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று அவளிடம் மட்டும் நோட்டைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் அதை எழுதுங்கள். எத்தனை பீரியடு பார்த்தீர்கள் என்ற எண்ணையும் சேருங்கள். நம் பக்கம் கார்த்திகை மழைக்கு விடும் விடுமுறை, தேர்வு நாட்கள் எல்லாம் போனால் 16 வாரத்தில் அவள் நடத்திய பீரியடு குறைவாக இருக்கலாம். படிக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

தயாரா என்ற இடத்தில் வெறும் ஆம் போடாதீர்கள். எந்த வகுப்பு, எந்த உதவியோடு என்று எழுதுங்கள். நான் ‘6 முதல் 8 வரை தனியாக நடத்தலாம். பத்தாம் வகுப்பு கொடுத்தால் முதல் வருஷம் மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை அவரோடு சேர்ந்து நோட்டுகளைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதினேன். நேராக இல்லை என்று எழுத வேண்டிய இடமும் உண்டு. பிள்ளைகளை அடிப்பது, வகுப்பில் வைத்து அவமானப்படுத்துவது, சொல்லியும் நிறுத்தாதது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையுமே தடுக்கிறது. அங்கே உழைப்பாளி என்ற இரக்கம் பார்க்கக் கூடாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த நிலைமை இல்லை என்றே தெரிகிறது.

எழுதிய குறையை அவளிடம் இதற்கு முன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். தன் குறையை முதன்முதலாகக் கல்லூரியில் யாரோ படித்துக் காட்டி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக்கே அந்தப் பத்து நோட்டோடு அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். வியாழக்கிழமை இன்னொரு பீரியடு கொடுங்கள். அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்பதற்கு அறிக்கையில் இரண்டு வரி இடம் விட்டுவையுங்கள்.